11 வயதுப் பூனை நாளெல்லாம் தூங்குகிறது: வயதா, வேறு ஏதாவதா?

கயல்விழி:
எங்கள் வீட்டுப் பூனை மிளகுக்கு 11 வயது. பெண், கருத்தடை செய்தது. ஆறேழு மாதமாக அவள் தூங்கும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. முன்பெல்லாம் பகலில் பாதி நேரமாவது எழுந்து நடமாடுவாள். இப்போது காலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மாலையில்தான் எழுந்திருக்கிறாள். நான் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் கண்ணெதிரே பார்க்கிறேன், எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வருகிறது. சாப்பாடு குறையவில்லை, வாந்தி இல்லை. வீட்டில் எல்லோரும் "வயசாயிடுச்சு, தூங்கட்டும் விடு" என்கிறார்கள். என் மனம் அதை ஏற்கவில்லை. எத்தனை மணி நேரம் தூங்கினால் சரி, எதற்கு மேல் போனால் பயப்பட வேண்டும்?

நள்ளிரவு நாகு:
பயப்பட ஒன்றும் இல்லை. பூனை இரவு விலங்கு. ராத்திரி முழுக்க வேட்டையாடும், பகல் முழுக்கத் தூங்கும். அதன் உடம்பே அப்படித்தான். என்னிடம் இருந்தது 15 வயது வரை வாழ்ந்தது, அதுவும் எப்போது பார்த்தாலும் தூக்கம்தான். 20 மணி நேரம்கூட வயதான பூனைக்குச் சகஜம்.

வேலவன் 77:
எனக்கு நேர் எதிர் பிரச்சனை. என் பூனை விடியற்காலை நாலு மணிக்கு என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து கத்துகிறது. எழுந்து உணவு வைத்தால்தான் அடங்கும். மூன்று மாதமாக எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. அதை எப்படி ராத்திரி தூங்க வைப்பது?

மருந்துப்பெட்டி:
கயல்விழி, நான் 17 வருடமாகக் கால்நடை மருத்துவராக இருக்கிறேன், பெரும்பாலும் பார்ப்பது பூனைகளைத்தான். "எத்தனை மணி நேரம்" என்பதை மட்டும் வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. நல்ல ஆரோக்கியமான பூனைகளிலேயே 12 மணி நேரம் தூங்குவதும் உண்டு, 16 மணி நேரம் தூங்குவதும் உண்டு. வயதானவை அதைத் தாண்டும். அதனால் உங்கள் கணக்கில் என்னை உறுத்துவது 18 என்ற எண் அல்ல. ஆறேழு மாதத்துக்குள் அது மாறியிருக்கிறதே, அதுதான்.

நாகு சொன்னதில் ஒரு திருத்தம். பூனை முழு இரவு விலங்கு அல்ல. அதன் சுறுசுறுப்பு உச்சத்துக்குப் போவது விடியும் முன்பும், பொழுது சாயும் நேரத்திலும். எலியும் சிறு பறவைகளும் நடமாடும் நேரம் அது. நடு இரவிலும் அது ஒரு தடவை நன்றாகத் தூங்கும். வேலவனின் நெஞ்சின் மேல் நாலு மணிக்கு ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

இரா. மணி:
டாக்டர், எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. மாடும் குதிரையும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் தூங்கினால் போதும் என்று படித்திருக்கிறேன். பூனைக்கு மட்டும் ஏன் இத்தனை தேவை? வேட்டைக்கு ஆற்றலைச் சேமிக்கிறது என்கிறார்கள். ஆனால் வீட்டுப் பூனை வேட்டையே ஆடுவதில்லையே. தட்டில் உணவு வந்து விழுகிறது. அது எதற்காகச் சேமிக்க வேண்டும்? சலிப்பில் தூங்குகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மருந்துப்பெட்டி:
நல்ல கேள்வி, மணி. புல் தின்னும் விலங்குக்குத் தின்பதற்கே நேரம் போதாது. புல்லில் சத்து குறைவு, அதனால் நாளெல்லாம் மேய்ந்தாக வேண்டும். எப்போது எது வந்து பாயும் என்ற பயம் வேறு. பூனைக்கு அது கிடையாது. ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கலோரி இருக்கும். சராசரிப் பூனைக்கு ஒரு நாளைக்கு 250 கலோரி போல வேண்டும். அப்படியானால் எட்டு முதல் பத்து எலி. ஒவ்வொன்றுக்கும் பதுங்கி, காத்திருந்து, ஒரே பாய்ச்சலில் பிடிக்க வேண்டும், பல தடவை தப்பிவிடும். நீண்ட ஓட்டத்துக்கான உடம்பு இல்லை அது, சில நொடி வெடிப்புக்கான உடம்பு. வெடித்துவிட்டு ஓய்வு, மறுபடி வெடிப்பு. அதனால்தான் நம்மைப் போல ஒரே மூச்சில் தூங்காமல் துண்டு துண்டாகத் தூங்குகிறது. பெரும்பாலும் ஒரு துண்டு ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கும், சில அதைவிடக் கொஞ்சம் நீளும்.

தட்டில் உணவு வந்துவிட்டது என்பதற்காக இந்த உடம்பு மாறிவிடாது. அதே சமயம் நீங்கள் சொல்லும் சலிப்பையும் நான் மறுக்கவில்லை. செய்ய வேலை இல்லாத பூனை கூடுதலாகப் படுத்துக் கிடக்கிறது, அதை நானே பார்க்கிறேன். ஆனால் அந்தக் கூடுதலில் எவ்வளவு உண்மையான தூக்கம், எவ்வளவு சும்மா கண் மூடிக் கிடப்பது என்று வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பது கஷ்டம்.

கயல்விழிக்கு நான் சொல்ல வருவதும் இதைத்தான். நீங்கள் 18 மணி நேரம் என்று எண்ணியதில் பெரும்பகுதி கோழித்தூக்கமாக இருக்கும். பூனை கால்களை அடியில் மடக்கி, தலையை நிமிர்த்தி வைத்து, கண்ணை மூடியிருக்கும். காது மட்டும் சத்தம் வரும் பக்கம் திரும்பும். அது லேசான உறக்கம். ஆழ்ந்து கனவு காணும் கட்டத்தில் கழுத்திலிருந்து வால் வரை தசை முழுவதும் தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சியோடு தலையை நிமிர்த்தி உட்கார முடியாது. அதனால் ஒருக்களித்தோ சுருண்டோ படுத்துத் தலையைக் கீழே வைத்தால்தான் பூனைக்கு அந்தக் கட்டம் கிடைக்கும். மீசை துடிப்பதும் விரல்கள் இழுப்பதும் இமைக்குள் கண் ஓடுவதும் அப்போதுதான்.

இந்தத் தசைத் தளர்ச்சியைக் கண்டுபிடித்ததே பூனைகளை வைத்துத்தான். பிரான்சில் லியோன் நகரத்தில் மிஷேல் ஷூவே என்ற ஆராய்ச்சியாளர் 1959இல் இந்தக் கனவுக் கட்டத்துக்கு "முரண் உறக்கம்" என்று பெயர் வைத்தார். மூளை விழித்திருப்பது போல வேலை செய்கிறது, உடம்போ செத்தது போலத் தளர்ந்திருக்கிறது, அதுதான் முரண். மூளைத் தண்டில் தசையைத் தளர்த்தும் சிறு பகுதியைச் சேதப்படுத்தியபோது, அந்தப் பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையின் மேல் பாய்ந்தன. அந்தச் சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் பூனை எதைக் கனவு காணக்கூடும் என்று ஒரு தடயம் கிடைத்தது அதில்தான்.

பஞ்சுமூட்டை:
ஐயோ, மீசை துடிக்கும், விரல் இழுக்கும் என்று படித்ததும் ஓடி வந்தேன். எங்களிடம் ஏழு வாரக் குட்டி இருக்கிறது. தூங்கும்போது உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்கிறது, வாய் பால் குடிப்பது போல அசைகிறது. வலிப்பு என்று நினைத்து நேற்று தட்டி எழுப்பிவிட்டேன். அது பாவம் மிரண்டு போய்விட்டது.

மருந்துப்பெட்டி:
நீங்கள் சொல்வது பார்த்தால் கனவுறக்கம்தான். குட்டிகளின் தூக்கத்தில் பெரும்பங்கு அந்த வகைதான், வளர வளரக் குறையும். இனி இப்படிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொடாமல், பெயர் சொல்லி மெதுவாகக் கூப்பிடுங்கள். கனவில் இருக்கும் குட்டி கண் திறக்கும், நிமிடத்தில் தெளிந்துவிடும். அதன் இழுப்பு ஒழுங்கில்லாமல், இங்கே ஒரு கால், அங்கே ஒரு காது என்று இருக்கும். வலிப்பு என்றால் உடம்பு விறைக்கும் அல்லது நான்கு கால்களும் ஒரே தாளத்தில் நீந்துவது போல அடிக்கும், எச்சில் ஒழுகலாம், சிறுநீர் போய்விடலாம், கூப்பிட்டால் எழாது. முடிந்த பிறகும் சிறிது நேரம் தடுமாறும். சந்தேகம் இருந்தால் கைபேசியில் ஒரு வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வார்த்தையில் விவரிப்பதைவிட அது பத்து மடங்கு உதவும்.

கயல்விழி:
டாக்டர், மிளகு எப்படிப் படுக்கிறாள் என்று நான் கவனித்ததே இல்லை. "தூங்குகிறாள்" என்று மட்டும்தான் பார்த்தேன். நான் எதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்?

மருந்துப்பெட்டி:
ஒரு வாரம் போதும். மணிக் கணக்கை விட்டுவிடுங்கள். அவள் எங்கே படுக்கிறாள், எப்படிப் படுக்கிறாள், எழுந்ததும் முதல் பத்து அடியை எப்படி வைக்கிறாள். இந்த மூன்றையும் எழுதுங்கள். எழுந்ததும் முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கிறாளா என்பதையும் பாருங்கள்.

அப்புறம் ஒரே ஒரு எண்ணிக்கை வேண்டும். அவள் அசையாமல் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விலா ஏறி இறங்கினால் ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். குர்ர் சத்தம் போடும்போதும் கனவில் துடிக்கும்போதும் எண்ண வேண்டாம். நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி. தொடர்ந்து 30க்கு மேல் போனால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்க வேண்டும், தள்ளிப் போடக் கூடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வேலவன், உங்களை மறக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து உணவு வைப்பதால், கத்தினால் உணவு வரும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. நீங்கள் படுப்பதற்கு முன் 15 நிமிடம் குச்சியில் இறகு கட்டி ஓட விட்டு, களைக்க வைத்து, அதன் பிறகு நாளின் பெரிய வேளை உணவைக் கொடுங்கள். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம் என்பது அதற்கு இயல்பான வரிசை. நாலு மணிக்குக் கத்தினால் எழவே கூடாது. முதல் சில நாள் இன்னும் அதிகமாகக் கத்தும், பாதியில் விட்டுக்கொடுத்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும். ஒன்று மட்டும் சொல்லுங்கள், உங்கள் பூனைக்கு என்ன வயது?

வேலவன் 77:
மூன்று வயது, ஆண். எடை குறையவில்லை, நன்றாக ஓடுகிறது. இன்றிரவே முயற்சி செய்கிறேன்.

மருந்துப்பெட்டி:
அப்படியானால் கவலை இல்லை. வயது பத்துக்கு மேல் இருந்து, திடீரென்று தூக்கம் குறைந்து, இரவில் கத்தி, நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டு சோதனை செய்யச் சொல்லியிருப்பேன். தூக்கம் குறைவதும் ஒரு அறிகுறிதான் என்பதை வயதான பூனை வைத்திருப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. "கிழட்டுப் பூனை குட்டி மாதிரி துள்ளுகிறது" என்று சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள்.

கயல்விழி:
(எட்டு நாள் கழித்து)
எழுதி வைத்ததை அப்படியே சொல்கிறேன். மூச்சு ஆறு தடவை எண்ணினேன். 20க்குக் குறையவில்லை, 24ஐத் தாண்டவில்லை.

படுக்கும் இடம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. மிளகுக்குப் பல வருடமாகப் புத்தக அலமாரியின் உச்சிதான் இடம். இந்த ஏழு நாளில் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. யோசித்துப் பார்த்தால் பல மாதமாகவே போகவில்லை, நான்தான் கவனிக்கவில்லை. சோபாவில் ஏறும்போது நேராகத் தாவாமல், முன்னங்கால்களை மேலே வைத்து, ஒரு நிமிடம் யோசித்து, பிறகு இழுத்து ஏறுகிறாள்.

பெரும்பாலும் கால்களை மடக்கிப் பொதி போலத்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒருக்களித்துப் படுத்துத் துடிப்பதை ஏழு நாளில் நான்கு தடவைதான் பார்த்தேன். அடிக்கடி இடம் மாற்றிப் படுக்கிறாள். எழுந்ததும் முதல் சில அடிகள் பின்னங்கால் கட்டை போல இருக்கிறது, அறையைக் கடப்பதற்குள் சரியாகிவிடுகிறது. சோம்பல் முறிப்பதில்லை. இடுப்புக்கு மேலே முடி சிக்கு விழுந்திருக்கிறது, அங்கே அவள் நக்குவதையே விட்டுவிட்டாள். இரண்டு தடவை மணல் தட்டுக்கு வெளியே, விளிம்பை ஒட்டிச் சிறுநீர் கழித்திருந்தாள். அதற்காக அவளைத் திட்டிவிட்டேன். இப்போது நினைத்தால் அழுகை வருகிறது.

நள்ளிரவு நாகு:
இதைப் படித்ததும் என் பழைய பூனை நினைவுக்கு வந்தது. அதுவும் கடைசி இரண்டு மூன்று வருடம் கட்டிலில் ஏறவில்லை. கீழேயே படுத்துக் கிடந்தது. வயது என்று விட்டுவிட்டேன். கயல்விழி, மூட்டு வலியாக இருந்தால் நாம் சாப்பிடும் பாரசிட்டமாலில் கால் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமே?

மருந்துப்பெட்டி:
நாகு, தயவு செய்து அதை யாரும் செய்ய வேண்டாம். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அதைப் பிரித்து வெளியேற்றும் வேதிப்பொருள் பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து ஈறு பழுப்பாகிவிடும், முகம் வீங்கும். ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கப் போதும். நாம் சாப்பிடும் வேறு வலி மாத்திரைகளும் வேண்டாம்.

கயல்விழி, நீங்கள் எழுதியது எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. இடுப்பு, முழங்கால் அல்லது கீழ் முதுகு மூட்டுத் தேய்மானம். 2002இல் வந்த ஒரு ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்ததில் 90க்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. ஆனால் பூனை நொண்டாது, கத்தாது. வலிக்கும் அசைவுகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். உயரமான இடம் போகும், இடுப்பை நக்குவது போகும். நம் கண்ணுக்கு அது "தூக்கம்" என்று படும். மிளகு உண்மையில் அதிகம் தூங்கவில்லை என்றே நினைக்கிறேன். ஒரே நிலையில் நீண்ட நேரம் படுத்தால் வலிக்கிறது, அதனால் ஆழ்ந்த உறக்கம் கெடுகிறது, அதை ஈடுகட்டக் கிடந்து கிடந்து கோழித்தூக்கம் போடுகிறாள்.

இது என் ஊகம். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே எடுங்கள், ரத்தத்தில் சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி மருந்து கொடுக்கும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். அவள் சோபாவில் ஏறுவதை வீடியோ எடுத்துப் போங்கள், ஆஸ்பத்திரி மேசையில் எந்தப் பூனையும் இயல்பாக நடக்காது.

இரா. மணி:
ஒரு சந்தேகம். முதுமையில் மூளையும் தளர்கிறது. தட்டுக்கு வெளியே போவது, தூக்கம் மாறுவது எல்லாம் அதனாலும் வரலாம் இல்லையா?

மருந்துப்பெட்டி:
வரலாம். ஆனால் மூளைத் தளர்ச்சியில் பகல் தூக்கம் கூடுவதோடு இரவில் காரணமில்லாமல் அலைந்து கத்துவதும், சுவரை வெறித்துப் பார்ப்பதும், பழகிய வீட்டிலேயே வழி தடுமாறுவதும் சேர்ந்து வரும். மிளகு தட்டின் விளிம்பு வரை சரியாகத்தான் வந்திருக்கிறாள், காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கும் பூனைகளும் உண்டு, அதனால் நீங்கள் கேட்டதை முழுதாகத் தள்ளவில்லை.

கயல்விழி:
(நான்கு மாதம் கழித்து)
தாமதத்துக்கு மன்னியுங்கள். முதலில் பார்த்த மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு "வயசுதான்" என்று அனுப்பிவிட்டார். வீடியோவோடு இன்னொருவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம், இடது பக்கம் அதிகம். சிறுநீரகம் பரவாயில்லை, தைராய்டும் சர்க்கரையும் சரி. எடை 5.6 கிலோ இருந்தாள். உணவைச் சட்டென்று குறைத்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும் என்று எச்சரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்கள். இப்போது 5.1 கிலோ. மாதம் ஒரு வலி ஊசி போடுகிறோம். மணல் தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிட்டேன், சோபாவுக்கு ஒரு படி, அலமாரிக்கு மூன்று படி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒரு நாள் மதியம் திரும்பிப் பார்த்தேன். அலமாரி உச்சியில் ஒருக்களித்துப் படுத்து, வாயைப் பாதி திறந்து, முன்னங்கால் துடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். பழையபடி மறுபடியும் ஒரு வாரம் எழுதி வைத்தேன். மொத்த நேரம் பெரிதாகக் குறையவில்லை டாக்டர், இப்போதும் 16, 17 மணி நேரம் படுத்துத்தான் இருக்கிறாள். ஆனால் ஆழ்ந்து தூங்குவதை நாளைக்கு மூன்று நான்கு தடவை பார்க்கிறேன், எழுந்ததும் முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கிறாள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஊசி போட்ட நான்காவது வாரத்தில் மறுபடி பொதி போல உட்கார ஆரம்பிக்கிறாள். மருந்தின் வேகம் குறைவதாலா, அல்லது என் மனப்பிரமையா?

மருந்துப்பெட்டி:
படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நான்காவது வாரச் சரிவை வேறு சிலரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எல்லாப் பூனைக்கும் அப்படி இல்லை. மனப்பிரமை என்று ஒதுக்க வேண்டாம். அடுத்த இரண்டு மாதம், ஊசி போட்ட முதல் வாரத்தில் மூன்று நாளும் நான்காவது வாரத்தில் மூன்று நாளும் ஒரே நேரத்தில் எழுதி வையுங்கள். எழுதுவதை வீட்டில் வேறு யாராவது செய்தால் இன்னும் நல்லது, ஊசி போட்ட தேதியை அவரிடம் சொல்லாதீர்கள். இரண்டு மாதமும் ஒரே மாதிரி வந்தால் அந்தத் தாளை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள், இடைவெளியை மாற்றுவதா, கூடவே வேறு மருந்து சேர்ப்பதா என்று அவர் பார்ப்பார்.

வேலவன் 77:
என் பக்கமும் சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்து நாள் கொடுமை. இப்போது ஐந்தரை வரை தூங்குகிறது. ஆனால் நேற்று முதல் கதவைப் பிறாண்ட ஆரம்பித்திருக்கிறது. இதற்கும் எழாமல் இருக்க வேண்டுமா டாக்டர்?